டிராஃப்டில் நான் போட்ட ஒரு டிக்: பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் திருத்தப் போய் நான் பட்ட பாடு

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து, ஊரில் இருக்கும் 42 சென்ட் நிலத்தை நாங்கள் மூன்று பேரும் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. அக்கா பெங்களூரில், தம்பி துபாயில். ஊரோடு இருப்பவள் நான் ஒருத்திதான், பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. வக்கீலைப் பார்ப்பது, சர்வேயரை அழைத்து வருவது, டிராஃப்டைப் படித்துத் திருத்துவது எல்லாம் என் பொறுப்பாக வந்து சேர்ந்தது. நிலத்தில் கிழக்கே பஞ்சாயத்து ரோட்டை ஒட்டிய பாகம் தம்பிக்கு, தெற்குத் தெருவை ஒட்டியது அக்காவுக்கு, இரண்டுக்கும் பின்னால் வடமேற்கு மூலையில் இருப்பது எனக்கு. என் பாகத்துக்கு நேராக ரோடு கிடையாது. அதனால் தம்பி பாகத்தின் வடபுறத்தை ஒட்டி 10 அடி அகலத்தில் எனக்குப் பாதை விடுவது என்று பேசியிருந்தோம். கிணறும் மோட்டார் ஷெட்டும் என் பாகத்துக்குள் நிற்கின்றன, ஆனால் தண்ணீர் மூவருக்கும் பொது. இதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பேச்சில் இவ்வளவு சுமுகமாக முடிந்த காரியம் காகிதத்தில் கெட்டுப்போனது என் பேனாவால்தான்.

வக்கீல் அலுவலகத்தில் டிராஃப்டைத் தமிழில் அடித்து, லீகல் சைஸ் தாளில் ஏழு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். "படிச்சுப் பாத்து, திருத்தம் இருந்தா குறிச்சுக் குடுங்க டீச்சர்" என்றார் வக்கீல். தாயாதிகள் பெயர், அப்பாவின் இறப்புத் தேதி, தாய்ப் பத்திர எண், பின்னால் சொத்து விவரம். என் பாகம் ஏ ஷெடியூல், தம்பியுடையது பி, அக்காவுடையது சி, கிணறும் ஷெட்டும் பொதுவில் டி. வரிகள் நெருக்கமாக, இடையில் ஓர் எழுத்துகூட நுழைய இடமில்லாமல் இருந்தன. ஓரத்திலும் ஒரு விரல் அகலம்தான் வெற்றிடம். இருபது வருடம் விடைத்தாள் திருத்தியவள், ஏழு பக்கம் என்ன பெரிய விஷயம் என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

முதலில் இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருத்துவதற்கு டிராஃப்ட் கேட்கும்போதே, வரிகளுக்கு இடையில் இரட்டை இடைவெளி விட்டு, இரண்டு பக்க ஓரத்திலும் ஒன்றரை அங்குலமாவது விட்டு, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். பக்கம் ஏழிலிருந்து பதினைந்தாகும், செலவு இருபது முப்பது ரூபாய் கூடும், அவ்வளவுதான். எனக்கு அதைக் கேட்கலாம் என்றே தெரியவில்லை. நெருக்கமான தாளில் திருத்தம் எழுதினால், எழுதியது எந்த வரிக்கு உரியது என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

நான் கண்டுபிடித்த பெரிய குறை, பாதை உரிமையே டிராஃப்டில் இல்லாதது. நான்காம் பக்கத்தின் மேல் பாதியில் ஏ ஷெடியூல் முடிகிறது, கீழ்ப் பாதியில் பி ஷெடியூல் ஆரம்பிக்கிறது. ஏ ஷெடியூலின் கடைசி வரிக்குப் பிறகு பாதை வாசகத்தைச் சேர்க்க வேண்டும். அங்கே இடம் இல்லை. அதனால் பக்கத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் மூன்று வரியாகப் பொடி எழுத்தில் எழுதினேன். "மேற்படி சொத்துக்குச் சென்று வர, பஞ்சாயத்து ரோட்டிலிருந்து பி ஷெடியூல் சொத்தின் வடபுறத்தை ஒட்டிக் கிழமேலாகச் செல்லும் 10 அடி அகலப் பாதையில் நடக்கவும் வண்டி வாகனங்கள் ஓட்டவும் உள்ள பாத்தியம் உட்பட." அங்கிருந்து ஓர் அம்புக்குறி இழுத்தேன். அது பி ஷெடியூல் வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலே போய், ஏ ஷெடியூலின் முடிவில் நின்றது. எழுதியவளுக்கு அது தெளிவாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது, ஏ ஷெடியூலின் நடுவே "கிணறும் மோட்டார் ஷெட்டும் நீங்கலாக" என்று இருந்தது. என் எல்லைக்குள்தானே கிணறு இருக்கிறது, "நீங்கலாக" என்றால் அந்த மண்ணே எனக்கு இல்லை என்று ஆகிவிடுமோ என்று குழப்பம். "நீங்கலாக" என்பதை அடித்து, மேலே "உட்பட" என்று எழுதினேன். அன்று ராத்திரி தம்பியிடம் போனில் பேசும்போது, பொதுச் சொத்து டி ஷெடியூலில் தனியாக வருகிறது, அதனால் என் பாகத்தில் "நீங்கலாக" என்று இருப்பதுதான் சரி என்று புரிந்தது. மறுபடி டிராஃப்டை எடுத்தேன். அடித்ததை எப்படி மீட்பது? "உட்பட" என்பதன் மேல் லேசாக ஒரு கோடு போட்டேன். "நீங்கலாக" என்பதற்கு நேராக ஓரத்தில் ஒரு டிக் போட்டு, "சரி" என்று எழுதினேன். விடைத்தாளில் டிக் போட்டால், எழுதியிருப்பது சரி, அப்படியே இருக்கட்டும் என்றுதானே பொருள். என் கைக்கு அந்தப் பழக்கம்தான் வந்தது.

தை மாதம் பதிவு. தம்பி ஒரு வாரம் லீவில் வந்திருந்தான், அக்காவும் வந்தாள். முத்திரைத்தாளில் பிரிண்ட் ஆன பத்திரம் சார்பதிவாளர் அலுவலக வாசலில்தான் என் கைக்கு வந்தது. டோக்கன் நேரத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. நின்றுகொண்டே பெயர்கள், சர்வே எண், நான்கெல்லை அளவு மட்டும் பார்த்தேன். பாதை வாசகம் நான்காம் பக்கத்தில் இருப்பது கண்ணில் பட்டது, நிம்மதியாகிவிட்டது. எந்த ஷெடியூலுக்குக் கீழே இருக்கிறது என்று பார்க்கவில்லை. மூவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டோம்.

ஆனி மாதம் வீடு கட்டக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. வங்கியின் வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு இரண்டு ஆட்சேபணை எழுதினார். ஒன்று, ஏ ஷெடியூல் சொத்துக்குப் பாதை இல்லை. பாதை வாசகம் பி ஷெடியூலில் இருக்கிறது. அதாவது, தம்பி தன் நிலத்தின் வழியாகவே தன் நிலத்துக்குப் போகும் உரிமை என்று அர்த்தமாகிறது. இரண்டு, கிணறும் ஷெட்டும் ஏ ஷெடியூலில் "உட்பட" என்று இருக்கிறது, டி ஷெடியூலில் அதே கிணறு பொது என்று இருக்கிறது. இரண்டும் முரண். பிழைத்திருத்தல் பத்திரம் பதிவு செய்து கொண்டு வந்தால்தான் கடன். அதற்கு மூல பத்திரத்தில் கையெழுத்திட்ட மூவரும் வர வேண்டும்.

தம்பிக்கு போனில் சொன்னேன். பாதையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றைச் சொன்னதும் மறுமுனை அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, டிராஃப்டைத் திருத்தினது நீதானே?" என்று கேட்டான். நான் வேண்டுமென்றே மாற்றிவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தமும் இல்லை. பவர் எழுதித் துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம் மூலம் அனுப்பியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை, நேரிலேயே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான். அந்த ஐந்து மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் பெரிய இழப்பு.

பணமும் போயிற்று. தம்பியின் விமான டிக்கெட் 34,500 ரூபாயை நான்தான் கொடுத்தேன், அவன் கேட்கவில்லை என்றாலும். அக்கா வந்து போன செலவு 3,200. பத்திரச் செலவு, வக்கீல் கட்டணம், டைப்பிங் எல்லாம் சேர்ந்து 14,000. கட்டட மேஸ்திரி காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார், அவருக்குக் கொடுத்த முன்பணம் 20,000 திரும்பவில்லை. மொத்தம் 71,700 ரூபாய்.

வக்கீல் அலுவலகத்தில் ஒரு மூத்த குமாஸ்தா இருக்கிறார். தட்டச்சு யந்திரக் காலத்திலிருந்து அந்த வேலையில் இருப்பவர். நான் போய் நின்றபோது அவர் யாரையும் குறை சொல்லாமல், அலமாரியிலிருந்து எங்கள் கட்டை எடுத்து, நான் திருத்திக் கொடுத்த அந்தப் பழைய டிராஃப்டை மேஜை மேல் வைத்தார். அதை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. நீங்கள் எந்த டிராஃப்டைத் திருத்திக் கொடுத்தாலும், கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கலரில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் போதாது. அதில் அச்சு எது, உங்கள் கோடு எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

டைப் அடித்த பெண்ணையும் அவர் கூப்பிட்டார். அந்தப் பெண் பக்கத்தைப் பார்த்துவிட்டு நேர்மையாகச் சொன்னாள். "டீச்சர், நான் அர்த்தம் படிச்சு அடிக்க மாட்டேன். அப்படி அடிச்சா ஒரு நாளைக்கு நாலு பத்திரம்கூட முடியாது. ஓரத்தைப் பாத்துக்கிட்டே வருவேன், குறி இருக்கிற வரியை மட்டும் மாத்துவேன். நீங்க அடியில எழுதியிருந்ததை பி ஷெடியூலுக்குக் கீழ எழுதினதுன்னு நெனச்சேன். அம்பு நடுவுல வரிகளோட கலந்துபோயிருக்கு. இங்க டிக் போட்டு சரின்னு எழுதியிருக்கீங்க, மாத்துறது சரின்னு மாத்திட்டேன்." அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்ன பிறகு பார்த்தால், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அதன் பிறகு குமாஸ்தா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர்கள் போடும் குறிகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினார். இதற்கென்று தரப்படுத்திய குறிகள் உண்டு. இந்தியத் தரத்தில் ஐ.எஸ். 1250 என்ற எண்ணில் இருக்கிறது, பிரிட்டிஷ் தரத்தில் பி.எஸ். 5261. நான் பிறகு அவற்றைத் தேடிப் படித்தேன். குறிகள் நிறைய இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு இடத்தில் குறி வேண்டும். வரிக்குள் போடும் குறி, எங்கே என்று சொல்கிறது. அதே வரிக்கு நேராக ஓரத்தில் எழுதுவது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. வரிக்குள் மட்டும் குறி இருந்தால், ஓரத்தைப் பார்த்துக்கொண்டு வருபவர் கண்ணில் படாது. ஓரத்தில் மட்டும் இருந்தால், வரியில் எந்த இடம் என்று தெரியாது. நான் செய்த இரண்டு தவறும் இந்த ஒன்றை மீறியதால் வந்தவை.

ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுமானால், சேர வேண்டிய இடத்தில் வரியின் அடியில் வீட்டுக் கூரை மாதிரி ஒரு சிறு கூம்பு போட வேண்டும். கேரட் என்பார்கள். அதன் உச்சி சரியாக இரண்டு சொல்லுக்கும் நடுவில் குத்த வேண்டும். சேர்க்க வேண்டிய சொல்லை வரிக்கு மேலே எழுதாமல், நேராக ஓரத்தில் எழுதி, அதன் பின்னால் அதே கூம்பைப் போட வேண்டும். நீக்குவதற்கு, நீக்க வேண்டிய எழுத்துகளின் மேல் கோடு, ஓரத்தில் சுழி போட்ட நீக்கல் குறி. நீக்கிவிட்டு வேறு சொல் போடுவதானால், வரியில் அடித்தல் கோடு, ஓரத்தில் புதுச் சொல் மட்டும். ஒரே வரியில் மூன்று திருத்தம் இருந்தால் ஓரத்தில் இடமிருந்து வலமாக அதே வரிசையில் எழுத வேண்டும். வரியின் இடது பாதியில் உள்ளவற்றை இடது ஓரத்திலும், வலது பாதியில் உள்ளவற்றை வலது ஓரத்திலும் எழுதினால் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டாது. புதுப் பத்தி, இடைவெளி, சேர்த்து எழுது, இடம் மாற்று என்பதற்கெல்லாம் தனிக் குறிகள் உண்டு. ஆனால் உங்கள் டைப்பிஸ்ட் அச்சகப் பயிற்சி பெற்றவரா என்று தெரியாவிட்டால், அந்தக் குறிகளை நம்பாமல் ஓரத்தில் "புதுப் பத்தி" என்று எழுதி வட்டமிட்டுவிடுங்கள்.

அந்த வட்டம் முக்கியம். ஓரத்தில் வட்டமிட்டு எழுதியது டைப்பிஸ்டுக்குச் சொல்லும் குறிப்பு, அதை அடிக்கக்கூடாது. வட்டம் இல்லாமல் எழுதியது பத்திரத்தில் வர வேண்டிய வாசகம். இந்த வித்தியாசம் இல்லாததால், "அளவு சரிபார்க்கவும்" என்று ஒருவர் எழுதியது அப்படியே பத்திரத்தில் அடித்து வந்ததைத் தான் பார்த்திருப்பதாகக் குமாஸ்தா சொன்னார்.

என் டிக்கைப் பற்றியும் கேட்டேன். அடித்ததை மீட்க, அடித்த சொற்களின் அடியில் புள்ளிக்கோடு போட்டு, ஓரத்தில் 'ஸ்டெட்' என்று எழுதுவது பழைய வழக்கம். இருக்கட்டும் என்று பொருள். பிரிட்டிஷ் தரத்தில் இப்போது அதற்குக் குறியே வட்டத்துக்குள் ஒரு டிக்தான் என்று பின்னால் படித்தபோது எனக்கு மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. நான் போட்ட டிக் அர்த்தத்தில் தவறு இல்லை. படிப்பவருக்கு அது தெரியாது, நான் மாற்றுச் சொல்லையும் ஒழுங்காக அழிக்கவில்லை, அதுதான் தவறு. அதனால் இப்போது நான் செய்வது இப்படி: மாற்றாக எழுதிய சொல்லை முழுவதும் படிக்க முடியாதபடி அழிப்பேன். பழைய சொல்லின் அடியில் புள்ளிகள் போடுவேன். ஓரத்தில் வட்டத்துக்குள் "மாற்ற வேண்டாம், 'நீங்கலாக' என்றே இருக்கட்டும்" என்று அந்தச் சொல்லையே எழுதுவேன். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. வரிகள் நெருக்கமாக இருந்தால், மேல்வரியின் அடியில் போட்ட புள்ளி கீழ்வரி எழுத்துக்கு மேல் வைத்த புள்ளி மாதிரி தெரியும். அதனால் புள்ளிக்குப் பதில் சிறு சிறு கோடுகளாகப் போடுவது நல்லது. ஒரே இடத்தில் இரண்டு முறை மனம் மாறிவிட்டால், அந்தப் பக்கத்தையே புதிதாக பிரிண்ட் எடுத்துச் சுத்தமாகத் திருத்துவதுதான் வழி.

தமிழுக்கென்று இன்னும் இரண்டு சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மட்டும் அடித்து ஓரத்தில் ஓர் எழுத்தை எழுதலாம். தமிழில் கொம்பும் காலும் எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கும், கையெழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்று போலவே இருக்கும். அதனால் ஓர் எழுத்துப் பிழையானாலும் சொல்லை முழுவதும் அடித்து முழுவதும் எழுதுங்கள். எண்ணும் அப்படியே. 118/2ஏ என்பது 118/3ஏ ஆக வேண்டுமானால், 2 மட்டும் அடித்து 3 எழுதாமல் எண் முழுவதையும் ஓரத்தில் எழுதுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் முறையில் ஓரத்தில் எழுதும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின்னால், முடிந்தது என்று காட்ட ஒரு சாய்கோடு போடுவார்கள். நம் பத்திரங்களில் சர்வே எண்ணிலும் பத்திர எண்ணிலும் சாய்கோடு இருக்கிறது. திருத்தத்தின் முடிவைக் காட்டும் கோட்டை உட்பிரிவுக் கோடாக எடுத்துக்கொண்டால் வேறு நிலமே ஆகிவிடும். எண்கள் வரும் இடத்தில் சாய்கோட்டை விட்டுவிட்டு, எண்ணைச் சுற்றிக் கட்டம் போட்டுவிடுங்கள்.

பெரிய வாசகத்தைச் சேர்ப்பதுதான் எனக்கு மிகவும் தேவைப்பட்ட பாடம். ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் போனால் அதைப் பக்கத்தில் எழுதவே கூடாது, தனித்தாளில் எழுத வேண்டும். பக்கத்தில் சேர வேண்டிய இடத்தில் கூம்பு மட்டும், நேராக ஓரத்தில் வட்டத்துக்குள் அந்தச் செருகலின் பெயர். ஆங்கிலத்தில் டிராஃப்ட் செய்பவர்கள் இதை 'ரைடர் ஏ', 'ரைடர் பி' என்பார்கள். குமாஸ்தா உடனே எச்சரித்தார், எங்கள் பத்திரத்தில் ஏ, பி, சி, டி என்று ஷெடியூல்களே இருக்கின்றன, அந்த எழுத்துகளைச் செருகலுக்கு வைத்தால் மறுபடி குழப்பம்தான் என்று. ஷரத்துகளுக்கு வெறும் எண்கள் இருந்ததால் தனி எண்ணும் ஆகாது. அதனால் "செருகல் 1" என்று முழுச் சொல்லாக எழுதினோம்.

பிழைத்திருத்தல் பத்திரத்தின் டிராஃப்ட் இரட்டை இடைவெளியில் வந்தது. அதிலும் பாதையின் நீளத்தையும், பழுது பார்க்கும் செலவு யாருடையது என்பதையும் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த முறை செய்ததை அப்படியே சொல்கிறேன். திருத்திய ஏ ஷெடியூலின் கடைசி வரியில் "பாத்தியம் உட்பட" என்பதற்குப் பின்னால், முற்றுப்புள்ளிக்கு முன்னால், கூம்பு. வலது ஓரத்தில் வட்டத்துக்குள் "செருகல் 1, தனித்தாளில்". தனித்தாளின் மேலே எழுதியது: "செருகல் 1. சேர வேண்டிய இடம்: திருத்திய ஏ ஷெடியூலின் கடைசி வரி. இதற்கு முன் உள்ள சொற்கள்: பாத்தியம் உட்பட. இதற்குப் பின்: முற்றுப்புள்ளி, அடுத்து பி ஷெடியூல் தலைப்பு." அதன் கீழே வாசகம், தொடக்கத்தில் "ஆரம்பம்" என்றும் முடிவில் "முடிவு" என்றும் வட்டமிட்டு. இடத்தைப் பக்க எண்ணால் மட்டும் சொல்லாமல் ஷெடியூலாலும் முன்பின் சொற்களாலும் சொன்னதற்குக் காரணம் உண்டு. டைப்பிஸ்ட் கம்ப்யூட்டரில் முதல் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்த உடனே மற்ற பக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிடும், தாளில் நான்காம் பக்கம் என்பது திரையில் நான்காம் பக்கமாக இருக்காது. அந்தப் பெண் முன்பின் சொற்களைக் கொடுத்துத் தேடித்தான் இடத்தைப் பிடித்தாள். "பாத்தியம் உட்பட" என்று இரண்டு இடத்தில் வந்தது. ஷெடியூல் பெயரும் இருந்ததால் அவள் என்னைக் கேட்காமலே சரியான இடத்துக்குப் போனாள்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்தப் பக்கத்தில் எத்தனை திருத்தம் என்று வட்டமிட்டு எழுதினேன். முதல் பக்கத்தில் டிராஃப்ட் எண், தேதி, மொத்தத் திருத்தம் 11, செருகல் தாள் 2. டைப்பிஸ்ட் முடித்ததும் அவளே எண்ணிப் பார்த்து, ஒன்பதுதான் செய்திருக்கிறோம் என்று விட்டுப்போன இரண்டையும் கண்டுபிடித்தாள். இந்த ஒரு காரியத்துக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது.

புதுப் பிரிண்ட் வந்ததும் அதை மட்டும் தனியாகப் படிக்கக்கூடாது. திருத்திய பழைய டிராஃப்டைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு குறியும் நிறைவேறியதா என்று பார்த்துப் பச்சைப் பேனாவால் அந்தக் குறியின் மேல் ஒரு கோடு. பிறகு, சேர்த்த வாசகத்துக்கு மேலே எந்தத் தலைப்பு இருக்கிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நான் முதல் முறை பார்க்காதது அதைத்தான். வாசகம் இருக்கிறதா என்று தேடினேன், அது யாருடையதாக இருக்கிறது என்று தேடவில்லை. இந்த வேலையை முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுப்பதற்கு முதல் நாளே வெள்ளைத்தாளில் முடித்துவிட வேண்டும்.

முத்திரைத்தாளில் வந்த பிறகு இந்தக் குறிகள் எதுவும் கூடாது. பதிவுச் சட்டம், 1908இன் 20ஆம் பிரிவுப்படி, வரியிடை எழுத்து, அழித்தல், திருத்தல், காலியிடம் உள்ள ஆவணத்தில் அந்த ஒவ்வோர் இடத்திலும் எழுதிக்கொடுப்பவர்கள் கையெழுத்தோ சுருக்கொப்பமோ இடாவிட்டால், பதிவு அலுவலர் அதை ஏற்க மறுக்கலாம். நீதிமன்றத்துக்குப் போகும் பிரமாணப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திருத்தங்கள் எத்தனை என்று எழுதுவதும் இதே எச்சரிக்கைக்குத்தான். அதனால் கடைசி நிமிடத்தில் பிழை கண்டால், கையால் கூம்பு போட்டுச் சேர்க்க நினைக்காமல் அந்தப் பக்கத்தை மறுபடி பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முத்திரைத்தாள் மாற்ற வேண்டுமா, சாதாரண தொடர்ச்சித் தாள்தானா என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் பதற்றம் இருக்காது.

தம்பி கார்த்திகை மாதம் வந்தான். வந்த அன்றே வக்கீல் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். குமாஸ்தா அந்தப் பழைய நான்காம் பக்கத்தை அவன் முன்னால் வைத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "உட்பட" மேல் போட்ட அந்த மெல்லிய கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். "நானா இருந்தாலும் இந்த டிக்கைப் பாத்து மாத்தத்தான் சொல்றாங்கன்னு நெனச்சிருப்பேன் அக்கா" என்றான். பிறகு, "நான் போன்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மூவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெள்ளைத்தாள் பிரிண்டைப் படித்தோம். அக்கா திருத்திய டிராஃப்டைப் பார்த்துக் குறிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள், தம்பி புதுப் பிரிண்டைச் சத்தமாகப் படித்தான், நான் பச்சைப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். பதினோரு கோடும் விழுந்தது. பாதை வாசகம் வந்ததும் அவன் நிறுத்தி, மேலே தலைப்பைப் பார்த்து "ஏ ஷெடியூல்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு மேலே படித்தான். புதன்கிழமை பதிவு முடிந்தது, வெள்ளிக்கிழமை அவன் துபாய்க்குத் திரும்பினான். கடன் தை மாதம் கைக்கு வந்தது. அந்தப் பழைய டிராஃப்டின் நான்காம் பக்கத்தைக் குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கி, மூலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.